விழுந்த அன்று எடுத்த ஸ்கேன் மட்டும் போதாது

74 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இதயத்துடிப்பு சீராக இல்லாததால் தினமும் வார்ஃபரின் மாத்திரை போடுகிறார். குளியலறையில் வழுக்கி, தலை சுவரில் இடித்துக்கொண்டது. அன்றே எடுத்த சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. நான்காவது வாரம் இடது காலில் செருப்பு நிற்கவில்லை. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினார். பகலிலும் தூங்கி வழிந்தார். ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆனால் அது தலைக்குள் மெல்லச் சேர்ந்த ரத்தமாகவும் இருக்கலாம்.

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். அதன் மேற்பரப்பிலிருந்து வெளி உறைக்குச் செல்லும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அதிர்ச்சியிலும் அவை கிழியலாம். சிரை ரத்தம் பீறிடாது, மெல்லக் கசியும். தேங்கிய ரத்தத்தைச் சுற்றி உருவாகும் புதுச்சவ்வின் மெல்லிய நாளங்களும் கசியும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை இருந்தால் கசிவு எளிதில் நிற்பதில்லை. சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால், அழுத்தம் வெளியே தெரிய வாரங்கள் ஆகும்.

தலைவலி, தள்ளாட்டம், குழப்பம், பேச்சுக் குளறல், ஒரு பக்கப் பலவீனம் ஆகியவை இந்தக் கசிவின் அறிகுறிகள். ஒருநாள் கூடும், மறுநாள் குறையும். இவற்றை மறதிநோய் என்றோ பக்கவாதம் என்றோ தவறாக நினைப்பதுண்டு. பக்கவாதம் என்று எண்ணி ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு மோசமாகும்.

ஆகவே மருத்துவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: எப்போது விழுந்தார், என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டார். பழைய ஸ்கேன் சரியாக இருந்தாலும் புதிதாக எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். சில வாரமான ரத்தம் சி.டி. படத்தில் மூளையின் நிறத்திலேயே தெரிந்து கண்ணுக்குத் தப்பலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. உதவும். வலிப்பு, எழுப்பினாலும் எழாத உறக்கம், திடீர்ப் பலவீனம் என்றால் உடனே 108ஐ அழையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை வால்வு உள்ளவருக்கு அப்படி நிறுத்துவதே ரத்தக்கட்டியை உண்டாக்கலாம். வார்ஃபரின் என்றால் மருத்துவமனையில் ஐ.என்.ஆர். பார்த்து, தேவைப்பட்டால் வைட்டமின் கே போன்ற முறிமருந்து தருவார்கள். தேக்கம் சிறிதாக இருந்தால் கண்காணிப்பே போதும். மூளையை அழுத்தினால் மண்டையோட்டில் ஒன்றிரண்டு துளையிட்டு ரத்தத்தை வடித்து, ஓரிரு நாள் குழாய் வைப்பார்கள். பலருக்கு நடையும் பேச்சும் விரைவில் தேறும். சிலருக்கு ரத்தம் மீண்டும் சேரும்.

வீடு திரும்பும்போது, மாத்திரையை எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது, அடுத்த ஸ்கேன் எப்போது என்பதை எழுதி வாங்குங்கள். மாத்திரை தொடங்கும் தேதியை மூளை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதி. கசிவு திரும்புகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த மருத்துவருக்குப் பழைய ஸ்கேன் படங்கள் தேவைப்படும்.