பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கான வலுப் பயிற்சி

பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கான வலுப் பயிற்சி என்பது, கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்படாதவாறு, நீண்ட நேரம் பந்துவீசும் தாங்குதிறனை வளர்க்கும் பயிற்சி முறையாகும். ஆத்திரேலிய வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011 ஆம் ஆண்டு, தமது 18 ஆவது வயதில் தேர்வுப் போட்டியில் அறிமுகமானார். முதுகு எலும்பு முறிவு உள்ளிட்ட காயங்களால் அவரது அடுத்த தேர்வுப் போட்டி 2017 ஆம் ஆண்டிலேயே அமைந்தது.

முறிவு ஏற்படும் விதம்

பந்தை விடுவிப்பதற்குச் சற்று முன் முன்கால் தரையில் ஊன்ற, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே கணத்தில் இடுப்பு பின்வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்புகிறது. இதனால் முள்ளெலும்பின் பின்புற வளையம் நசுங்குகிறது. வலக்கை வீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கமே பாதிக்கப்படும். பதின்ம வயதில் இவ்வெலும்பு முழுமையாகக் கெட்டிப்படாததால், ஓய்வின்றி வீசும்போது நுண்விரிசல்கள் ஆறாமல் பெருகுகின்றன.

வலுப் பயிற்சி

வாரம் இருமுறை, பந்துவீசாத நாள்களில் செய்வது பொருத்தமானது. குந்தி எழுதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், மல்லாந்து படுத்து ஒற்றைக் காலால் இடுப்பை உயர்த்துதல், பக்கவாட்டுப் பிளாங்க், தண்டால் ஆகிய ஐந்தும் தொடக்கத்திற்குப் போதும். பிளாங்க் நிலையில் ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 30 நொடிகள் நிற்கலாம். மற்றவற்றை 8 முதல் 10 முறை வீதம் இரண்டு சுற்றுகள் செய்யலாம். முதுகு வளையாமல் 12 முறை, மூன்று சுற்றுகள் செய்ய முடிந்த பின்னரே சிறிய எடையைச் சேர்க்க வேண்டும். எடையுடன் முதுகைப் பின்வளைக்கும் அல்லது முறுக்கும் பயிற்சிகள், பந்துவீச்சில் நசுங்கும் அதே இடத்தையே மேலும் அழுத்துவதால் தவிர்க்கப்படுகின்றன.

தாங்குதிறன்

தாங்குதிறனுக்காகக் கூடுதலாகப் பந்துவீசத் தேவையில்லை. பந்தை வீசாமல், வழக்கமான ஓட்டத்தொலைவை ஆறு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்து திரும்பினால் ஓர் ஓவருக்கு நிகராகும். நான்கு நிமிட இடைவெளியில் மூன்று ஓவர்களில் தொடங்கி, வாரம் ஒன்றாகக் கூட்டலாம்.

பந்துக் கணக்கு

15 வயதிற்குட்பட்டோர் தொடர்ச்சியாக 6 ஓவர்களும் நாளொன்றுக்கு 12 ஓவர்களும் மட்டுமே வீசலாம் என்பது இங்கிலாந்து துடுப்பாட்ட வாரியத்தின் வழிகாட்டல்களில் இடம்பெற்ற வரம்பாகும். அதாவது நாளுக்கு 72 பந்துகள். காலைப் போட்டியில் 8 ஓவர்கள் வீசிய மாணவர், மாலை வலைப்பயிற்சியில் 40 பந்துகள் வீசினால் மொத்தம் 88 ஆகிவிடும். போட்டி ஓவர்களை மட்டும் எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை.

எச்சரிக்கை அறிகுறிகள்

கீழ் முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி எடுத்து, வீசும்போது கூடி, ஓய்வில் குறைவது முதன்மை அறிகுறியாகும். ஒற்றைக் காலில் நின்று பின்சாயும்போது வலித்தால் ஐயம் வலுக்கும். உடனே வீசுவதை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். தொடக்கநிலை விரிசல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படம் அதைக் காட்டும். முறிவு உறுதியானால் பல மாதங்கள் பந்துவீச இயலாது. வலுப் பயிற்சி இந்த இடரைக் குறைக்க உதவலாம். மிகுதியாக வீசப்பட்ட பந்துகளை ஈடுசெய்யாது.