மவுஸை எடுத்து வைத்துவிட்டு மெனுவைப் பாருங்கள்

டிவி முன் அமர்ந்து விளையாடுகிறவரிடம் மவுஸ் இருக்காது. மெனு திறந்தால் அவர் கையில் உள்ள கன்ட்ரோலரில் நான்கு திசைகள், ‘சரி’ சொல்ல ஒரு பட்டன், ‘பின்னால் போ’ என்று சொல்ல இன்னொரு பட்டன், பெரும்பாலும் அவ்வளவுதான். மவுஸ்காரருக்குத் திரையில் அம்புக்குறி இருக்கிறது. கன்ட்ரோலர்காரருக்கு அது இல்லை. அவர் இப்போது எந்த பட்டனில் நிற்கிறார் என்பதை அந்த பட்டனேதான் காட்ட வேண்டும். விளையாட்டு உருவாக்குகிறவர்கள் இதை ஃபோகஸ் என்பார்கள்.

இதோடு இன்னொரு தகவலையும் திரை காட்டியாக வேண்டும்: ஏற்கெனவே எது தேர்வாகியிருக்கிறது என்பது. ஓட்டலில் தோசை சொல்லியாகிவிட்டது. விரல் மட்டும் இன்னும் பட்டியலில் பொங்கலின் மேல் இருக்கிறது. விரல் இருக்கும் இடம் ஃபோகஸ், சொல்லியாகிவிட்ட தோசை தேர்வு. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், வேறுவேறாகவும் இருக்கலாம். மெனுத் திரைகளில் நான் பார்க்கும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒரே மாதிரி வரைவதால் வருகிறது.

ஒரு சிறு குழு யூனிட்டி மென்பொருளில் செய்த விளையாட்டின் செட்டிங்ஸ் திரையை எடுத்துக்கொள்வோம். மேலே நான்கு டேப்கள். அடியில் ‘சிரமம்’ என்ற வரிசையில் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று கட்டங்கள். அதற்குக் கீழே இடது ஓரத்தில் சப்டைட்டில் பட்டன். திரையின் வலது அடியில் ‘சேமி’. குழுவினர் கணினியில் மவுஸை வைத்துக்கொண்டே செய்ததால் அவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

மவுஸை எடுத்து வைத்துவிட்டுத் திரையைத் திறந்தோம். எந்த பட்டனும் ஒளிரவில்லை. கீழே அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் எந்த பட்டனில் நிற்க வேண்டும் என்று யூனிட்டியிடம் யாரும் சொல்லவில்லை. தொடக்கப்புள்ளி இல்லாமல் திசைக்கு அர்த்தமில்லை. அதைச் சரிசெய்ததும் நகர ஆரம்பித்தது. ஆனால் மவுஸால் திரையின் வெற்றிடத்தில் ஒரு முறை க்ளிக் செய்தால் ஃபோகஸ் அழிந்துபோய், கன்ட்ரோலர் மறுபடி செத்துவிடும். கணினியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய பேர். அதனால் சோதிப்பவர் இதை வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும். கடைசியாக நின்ற பட்டனை நினைவில் வைத்து, ஸ்டிக்கைத் தொட்டதும் அங்கேயே திரும்பச் செய்வதுதான் தீர்வு.

அடுத்தது நடை. ஒரு தாளில் எல்லா பட்டன்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு பக்கமும் போய்ப் பார்த்து அம்பு போடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. நம் திரையில் ‘எளிது’ கட்டத்திலிருந்து கீழே போனால் சப்டைட்டில் வந்தது. ‘கடினம்’ கட்டத்திலிருந்து கீழே போனால் சப்டைட்டிலைத் தாண்டி நேரே ‘சேமி’க்குப் போய்விட்டது. மேலே வந்தால் மறுபடி ‘கடினம்’. அந்தப் பாதையில் ஏறி இறங்குகிறவருக்குச் சப்டைட்டில் பட்டன் கண்ணில் படும், கைக்கு எட்டாது.

காரணம் எளிமையானது. அடுத்த பட்டன் எது என்பதை யூனிட்டி தானாகவே தீர்மானிக்கும்படி விட்டிருந்தார்கள். அது திசையையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். நேர் கீழே இருப்பதற்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கும். வரிசை என்று நம் கண் பார்ப்பது அதற்குத் தெரியாது. சப்டைட்டில் இடது கோடியில் இருந்ததால் தோற்றது. ‘சேமி’ தொலைவில் இருந்தும் நேர் கீழே இருந்ததால் ஜெயித்தது. இப்படிப்பட்ட இடங்களில் எந்தத் திசைக்கு எந்த பட்டன் என்று கையால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி ஒளிர்வு. யூனிட்டியின் சாதாரண பட்டனுக்கு இயல்பு நிறம் முழு வெள்ளை, அதாவது 255. ஃபோகஸ் வந்தால் அது 245 ஆகும், கொஞ்சம் மங்கிய வெள்ளை. ஒளிர்வு வேறுபாட்டைக் கணக்கிட்டால் 1.09-க்கு 1 வருகிறது. இரண்டும் ஒரே நிறமென்றால் 1-க்கு 1, கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21-க்கு 1. இணையப் பக்கங்களுக்காக 2023-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 விதிகளின் உயர்நிலை, ஃபோகஸ் வருமுன்னும் வந்தபின்னும் உள்ள நிறங்களுக்கிடையே குறைந்தது 3-க்கு 1 கேட்கிறது. மாறும் பரப்பும் பட்டனைச் சுற்றி 2 பிக்சல் கோடு போட்ட அளவாவது இருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டுக்கும் இது நல்ல அளவுகோல். இந்தக் குழு அந்த 245-ஐ மாற்றவே இல்லை. மேசையில் முகத்துக்கு நேரே இருந்த திரையில் அவர்களுக்கு அது தெரிந்திருக்கலாம். கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் டிவியில் தெரிய வழியே இல்லை.

சொன்னதும் மாற்றினார்கள். தேர்வான கட்டத்துக்கு ஆரஞ்சு நிறம், ஃபோகஸ் நிற்கும் கட்டத்துக்கு வெளிர் ஆரஞ்சு. இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. விளையாட்டு ‘நடுத்தரம்’ என்று இருக்கிறது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி ‘கடினம்’ மேல் நிற்கிறேன். திரையில் இரண்டு ஆரஞ்சுக் கட்டங்கள். நகர்த்திக்கொண்டே இருந்தால் எது நகர்கிறதோ அதுதான் ஃபோகஸ் என்று புரிந்துவிடும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் புரியாது.

அதனால் அசைவை நம்பாமல் சோதிக்க வேண்டும். திரையை அப்படியே படமெடுத்து, இந்த விளையாட்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது ‘சரி’ அழுத்தினால் எது அழுந்தும்? இப்போது எந்தச் சிரமத்தில் விளையாட்டு இருக்கிறது? ஒரு கட்டத்துக்கு நான்கு நிலைகள் உண்டு: ஒன்றுமில்லை, ஃபோகஸ் மட்டும், தேர்வு மட்டும், இரண்டும் சேர்ந்து. நான்குக்கும் படம் வேண்டும். பலர் நான்காவதை வரையவே மறந்துவிடுகிறார்கள். ஒரு நிறம் இன்னொன்றை மூடிவிட, தேர்வான கட்டத்தின் மேல் நிற்கும்போது அது தேர்வானதாகவே தெரியாமல் போகும்.

தீர்வாக, இரண்டுக்கும் வேறுவேறு அடையாளம் கொடுத்தோம். தேர்வுக்குக் கட்டத்தின் உள்ளே நிறமும் ஒரு டிக் குறியும். ஃபோகஸுக்கு வெளியே தடித்த வெள்ளைச் சட்டம். சட்டம் வெளியே, டிக் உள்ளே என்பதால் இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்தாலும் மோதாது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாலும் வித்தியாசம் நிற்கும்; நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அது மிகவும் தேவை.

இரண்டே பட்டன் உள்ள இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். ‘சேமித்த விளையாட்டை அழிக்கவா? ஆம் / இல்லை.’ ஒன்று வெள்ளை, மற்றொன்று சாம்பல். மூன்று பட்டன் இருந்தால் தனித்துத் தெரிவதுதான் ஃபோகஸ் என்று ஊகிக்கலாம். இரண்டில் அதற்கும் வழியில்லை. ஸ்டிக்கைத் தள்ளினால் நிறங்கள் இடம் மாறும், கேள்வி அப்படியே இருக்கும். பல மணி நேர விளையாட்டு இதில் அழிந்துபோகலாம். இங்கேயும் அதே வெள்ளைச் சட்டத்தைப் போட்டோம். பெட்டி திறக்கும்போது ஃபோகஸ் ‘இல்லை’ மேல் நிற்கும்படி வைத்தோம். ‘அழி’ என்பதை அழுத்திய அதே அழுத்தம் பெட்டிக்குள்ளும் கடந்து வந்து ‘சரி’ ஆகிவிடாதபடி, விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் ஏற்கும் என்றும் மாற்றச் சொன்னோம்.

மறுசோதனையில் ஒன்றே ஒன்று தேறவில்லை: மேலே இருந்த டேப்கள். திறந்திருக்கும் டேப்புக்கு வெள்ளை அடிக்கோடு, ஃபோகஸுக்கு வெள்ளைச் சட்டம். சட்டத்தின் கீழ்ப்பக்கம் அடிக்கோட்டின் மேலேயே விழுந்து அதை மறைத்துவிட்டது. ஃபோகஸை டேப்களுக்குக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரின் தோள் பட்டன்களால் மட்டும் டேப் மாறும்படி செய்து, அந்த பட்டன்களின் படத்தை டேப் வரிசையின் இரு முனையிலும் வைத்தார்கள்.