நீச சுக்கிரனும் உச்ச ஏழாம் அதிபதியும்

ஒருவரின் காதல் வாழ்வு எப்படி அமையும் என்று ஜாதகத்தில் பார்க்கும்போது ஜோதிட நூல்கள் இரண்டு கிரகங்களை முன்வைக்கின்றன. ஒன்று சுக்கிரன். எந்த லக்னத்தில் பிறந்தவருக்கும் காதலுக்கும் இல்லற சுகத்துக்கும் காரகன் அவனே. மற்றொன்று ஏழாம் அதிபதி, அதாவது லக்னத்திலிருந்து ஏழாவது வீடான களத்திர ஸ்தானத்துக்கு உரிய கிரகம். இது லக்னத்துக்கு லக்னம் மாறும். ரிஷப லக்னத்துக்குச் செவ்வாய், கடகத்துக்குச் சனி, கும்பத்துக்குச் சூரியன். காரகன் பொதுவானவன், அதிபதி அந்த ஜாதகருக்கே உரியவன். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பலன் சொல்வதில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சுக்கிரனைக் கொண்டு அறிய வேண்டியது ஜாதகரின் மனத்தை. அன்பை உணரவும் வெளிப்படுத்தவும் அவருக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது, இன்னொருவரின் நெருக்கத்தில் அவர் எவ்வளவு இதம் காண்கிறார் என்பவை சுக்கிரனின் பலத்தில் தெரியும். ஏழாம் அதிபதி காட்டுவது எதிரில் வரும் ஆளை, அந்த உறவு நடக்கும் விதத்தை. ஆகவே சுக்கிரன் பலமாக இருந்து ஏழாம் அதிபதி கெட்டிருந்தால், ஆசை நிறைய உண்டு, அதைத் தாங்கும் உறவு அமையத் தடுமாறும் என்று பலன் சொல்வார்கள். மாறாக ஏழாம் அதிபதி நன்றாக இருந்து சுக்கிரன் மட்டும் பலம் குன்றியிருந்தால், நல்ல துணை வந்தும் அந்தச் சுகத்தை அனுபவிக்கத் தெரியாத தயக்கம் இருக்கும் என்பது மரபு. பெண் ஜாதகத்தில் கணவனுக்குக் காரகனாகக் குருவையோ செவ்வாயையோ சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் காதல் சுகம் என்று வரும்போது ஆண், பெண் இருவருக்கும் சுக்கிரனைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மேஷ லக்னத்துக்கும் விருச்சிக லக்னத்துக்கும் ஏழாம் அதிபதியே சுக்கிரன். அங்கே ஒரே கிரகம் இரண்டு பொறுப்பையும் சுமக்கிறது. அது கெட்டால் ஈடுகட்ட வேறு ஆள் இல்லை. நன்றாக இருந்தால் இரண்டும் ஒருசேர நலம். மேஷ லக்னக்காரருக்குச் சுக்கிரன் துலாமிலேயே, அதாவது ஏழிலேயே ஆட்சி பெற்றிருந்தால் ஜோதிடர்களுக்குள் கருத்து பிரியும். காரகன் தன் பாவத்திலேயே இருந்தால் அந்தப் பாவத்தைக் கெடுப்பான் என்னும் விதியைச் சொல்லி ஒருசாரார் அஞ்சுவார்கள். கேந்திரத்தில் ஆட்சி பெற்றதால் இது மாளவ்ய யோகம் என்று இன்னொரு சாரார் மகிழ்வார்கள். பாவ கிரகச் சேர்க்கையோ பார்வையோ இல்லாதவரை இரண்டாவது கருத்தையே ஏற்கலாம். சொந்த வீட்டில் இருக்கும் அதிபதியைக் கெடுதி செய்பவனாகக் கொள்வது பொருத்தமாகத் தெரியவில்லை.

இனி சுக்கிரனின் பலம். ரிஷபமும் துலாமும் ஆட்சி வீடுகள், மீனம் உச்சம், கன்னி நீசம். கன்னிச் சுக்கிரன் என்றவுடன் பலர் பயந்துபோகிறார்கள். வானத்தில் சுக்கிரன் சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. அதனால் ஆடி நடுவிலிருந்து கார்த்திகை நடுவரை, சூரியன் கடகம் முதல் விருச்சிகம் வரை நகரும் காலத்தில்தான் சுக்கிரன் கன்னியில் இருக்க முடியும். வக்கிரம் இல்லாத ஆண்டுகளில் அந்த வீட்டைக் கடக்க அதற்குச் சுமார் இருபத்தைந்து நாள் ஆகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பிறக்கும் அத்தனை பேருக்கும் சுக்கிரன் நீசம்தான். அவர்கள் எல்லோருக்கும் காதலில் தோல்வி என்று யாரும் சொல்லிவிட முடியாது. நீசம் என்பது ஆய்வின் தொடக்கம், தீர்ப்பு அல்ல.

அஸ்தங்கமும் இப்படித்தான். சூரியனுக்குப் பத்து பாகைக்குள் வரும்போது சுக்கிரன் ஒளி இழக்கிறது. வக்கிரத்தில் இருந்தால் இந்த எல்லை எட்டு பாகை. சுக்கிர மூடத்தில் முகூர்த்தம் வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வது இந்த நாட்களைத்தான். பிறப்பு ஜாதகத்தில் அஸ்தங்கம் இருந்தால் அன்பு இல்லை என்று ஆகாது; அதைச் சொல்லத் தயங்குவார், தன்னைத் தாழ்த்திக்கொள்வார் என்று நிதானமாகப் பலன் சொல்பவர்களே அதிகம்.

ஒரு மாதிரி ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தால் இவை எப்படிச் சேர்கின்றன என்பது விளங்கும். ஐப்பசி பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள், இரவு எட்டு மணி. சூரியன் துலாமில் 5 பாகை, சந்திரன் மேஷத்தில் 5 பாகை. நட்சத்திரம் அசுவினி இரண்டாம் பாதம். லக்னம் ரிஷபம். சுக்கிரன் கன்னியில் 8 பாகையில் இருக்கிறது, செவ்வாய் மகரத்தில் 21 பாகையில் இருக்கிறது என்று கொள்வோம்.

ரிஷப லக்னத்துக்கு ஏழாம் வீடு விருச்சிகம், அதன் அதிபதி செவ்வாய். மகரம் அதற்கு உச்ச வீடு, லக்னத்துக்கு ஒன்பதாம் இடம். சுக்கிரனோ லக்னாதிபதியாகவும் இருந்து, காதலைச் சொல்லும் ஐந்தாம் வீட்டில் நீசம். ராசிக் கட்டத்தை மட்டும் பார்ப்பவர் சட்டென்று சொல்லிவிடுவார்: இவருக்குக் காதல் சரிவராது, ஆனால் வரும் துணை வெகு சிறப்பு. செவ்வாய் லக்னத்துக்கு ஒன்பதிலும் சந்திரனுக்குப் பத்திலும் இருப்பதால் செவ்வாய் தோஷமும் இல்லை என்று கூடவே திருப்தியும் சொல்வார்.

நவாம்சத்தைத் திறந்தால் படம் மாறுகிறது. ஒரு ராசியின் 30 பாகையை ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 3 பாகை 20 கலை. கன்னியில் நவாம்சம் மகரத்திலிருந்து தொடங்கும். முதல் பகுதி மகரம், இரண்டாவது கும்பம், 6 பாகை 40 கலையில் தொடங்கும் மூன்றாவது மீனம். சுக்கிரன் 8 பாகையில், அதாவது உத்திரம் நாலாம் பாதத்தில் நிற்பதால் நவாம்சத்தில் மீனத்தில் உச்சம் பெறுகிறது. மகரத்தில் நவாம்சம் மகரத்திலிருந்தே தொடங்கும். 20 பாகையிலிருந்து 23 பாகை 20 கலை வரை ஏழாவது பகுதி, கடகம். அது திருவோணம் நாலாம் பாதம். 21 பாகையில் உள்ள செவ்வாய் அங்கே விழுந்து நீசமாகிறது. ராசியில் நீசமான காரகன் நவாம்சத்தில் உச்சம், ராசியில் உச்சமான அதிபதி நவாம்சத்தில் நீசம்.

ராசி வெளித்தோற்றம், நவாம்சம் உள்ளிருப்பு என்று கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த ஜாதகர் காதலில் முதலில் தடுமாறுவார், தன்னை யார் விரும்பப் போகிறார்கள் என்ற கூச்சம் இருக்கும். லக்னாதிபதியே நீசமாக இருப்பது அதைக் கூட்டும். ஆனால் பழகப் பழக ஆழமான அன்பு வெளிப்படும். அது வயதோடு வளரும். துணையாக வருபவர் ஊர் மெச்சும்படி திறமையும் துணிச்சலும் உள்ளவராக இருப்பார். வீட்டுக்குள் அவரே எளிதில் புண்படுபவராக, கோபத்தில் மௌனமாகிவிடுபவராக இருக்கலாம். செவ்வாய் பன்னிரண்டாம் வீட்டுக்கும் உரியவன் என்பதால் சிறு பிரிவுகள், செலவுகள் வழியாகவும் அந்தச் சிக்கல் வரலாம். ஐந்திலும் ஒன்பதிலும் இருக்கும் இந்த இரு கிரகங்களும் ஒன்றுக்கொன்று திரிகோணத்தில் அமைவது உறவு முறியாமல் காக்கும் அம்சம். முதல் பார்வையில் சொன்ன பலன் ஏறக்குறைய தலைகீழாகிவிட்டது.

எப்போது என்பதைத் தசா புக்தி சொல்லும். அசுவினியில் பிறந்ததால் கேது தசை. சந்திரன் நட்சத்திரத்தில் 5 பாகை கடந்துவிட்டதால் அதில் மீதி சுமார் நான்கு வருடம் நான்கு மாதம். அடுத்து வரும் சுக்கிர தசை இருபது வருடம். அதன் பெரும்பகுதி பள்ளிப் பருவத்திலேயே போய்விடுகிறது. ஐந்தாம் அதிபதி புதனின் புக்தி இருபது வயதுக்கு மேல் இருபத்து மூன்று வரை நடக்கும். காதல் அரும்பும் காலம் இது என்று கணிப்பார்கள். பிறகு சூரிய தசையில், இருபத்தைந்து வயதில் ஏழாம் அதிபதி செவ்வாயின் புக்தி வருகிறது. அது நாலு மாதத்துக்குச் சற்றே அதிகம்தான். அப்போது கூடாவிட்டால், தசையின் கடைசியில் இருபத்தொன்பது வயதில் தொடங்கி ஒரு வருடம் நடக்கும் சுக்கிர புக்தி அடுத்த வாய்ப்பு.

இந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். இதே நாளில் இரவு பத்து மணிக்குப் பிறந்தவருக்கு லக்னம் மிதுனம், ஏழாம் அதிபதி குரு. செவ்வாயைப் பற்றிச் சொன்னது எதுவும் அவருக்குப் பொருந்தாது. சுக்கிரனின் நவாம்ச நிலை மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் ஒரு பாதத்தைக் கடக்கச் சுக்கிரனுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இன்னொரு பிசகு பஞ்சாங்கத்தால் வருவது. திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் மீனத்துக்குப் பெயர்ந்த சனி, வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் பெயர்ந்தது. கிரக நிலையில் இவ்வளவு வேறுபாடு வரும்போது பாதம் மாறுவது எளிது. பாதம் மாறினால் உச்சமும் நீசமும் இடம் மாறும்.

இவை அனைத்தும் மரபு வழியே வந்த பலன் சொல்லும் முறைகள். கட்டுப்பாடான சோதனையில் ஜாதகக் கணிப்பு உறுதிப்படவில்லை. ஷான் கார்ல்சன் மேலைநாட்டு ஜோதிடர்களைக் கொண்டு நடத்தி 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஜாதகத்துக்கு உரிய ஆளின் குணக்குறிப்பை மூன்றில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது கிடைத்தது குருட்டாம்போக்கில் கிடைக்கும் அளவே.

ஆகவே ஜாதகத்தைப் பார்க்கக் கொடுப்பவர்கள் பிறந்த நேரம் மருத்துவமனைப் பதிவோடு ஒத்துப்போகிறதா, கணித்தது வாக்கியமா திருக்கணிதமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சுக்கிரன் நீசம் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பாதம், நவாம்சத்தில் எங்கே, ஏழாம் அதிபதி யார் என்று கேளுங்கள். அந்த ஒற்றைச் சொல்லை வைத்து நல்ல சம்பந்தத்தையோ நெடுநாள் பழகியவரையோ விட்டுவிடாதீர்கள்.