நீருக்குள் கிரவுனைத் திருகினால்

நீர்மூழ்கிகளுக்கான கைக்கடிகாரத்தின் கூடு முழுவதும் ஒரே உலோகத் துண்டு அல்ல. கண்ணாடி, பின்மூடி, கிரவுன் எனப்படும் சாவித் திருகு ஆகிய மூன்றும் கூட்டோடு சேரும் இடங்களில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் அசையாதவை. அங்கே நீரின் அழுத்தம் ரப்பரைப் பள்ளத்தின் சுவரோடு மேலும் நெருக்கி அடைப்பை உறுதியாக்குகிறது. கிரவுனின் தண்டு மட்டும் கூட்டைத் துளைத்து உள்ளே போவதால், அசைந்தபடியே நீரைத் தடுக்க வேண்டியிருக்கிறது. பலவீனம் அங்கேதான்.

சீக்கோ நிறுவனத்தின் SKX007 கடிகாரத்தைப் பார்க்கலாம். 200 மீட்டர் ஆழம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட இதில், 4 மணி எண்ணுக்கு அருகே மரையோடு இறுகும் கிரவுன் உள்ளது. இறுக்கிய நிலையில்தான் அந்த 200 மீட்டர் பொருந்தும். மணியைத் திருத்த நீச்சல் குளத்துக்குள்ளேயே ஒருவர் அதைக் கழற்றி இழுத்தால், மரையின் இறுக்கம் போய்விடுகிறது. தண்டு நகரும்போது அதை ஒட்டியிருக்கும் நீர்ப்படலமும் உள்ளே இழுபடும். உப்புத் துகளோ மணலோ சிக்கினால் ரப்பரில் கீறல் விழும், சில வேளை வளையம் முறுக்கிக்கொள்ளும். ஆழம் 2 மீட்டர்தானே என்பது இங்கே ஆறுதல் ஆகாது.

பொத்தான்களின் நிலையும் இதுவே. கூடவே அழுத்தத்தின் தொல்லையும் உண்டு. நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. பொத்தானின் தண்டு 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், 100 மீட்டர் ஆழத்தில் நீர் அதை ஏறத்தாழ 300 கிராம் எடையளவு விசையோடு உள்நோக்கித் தள்ளும். அழுத்திய பொத்தானை வெளியே தள்ளும் சுருள்வில் அதையும் வென்றாக வேண்டும். வெல்ல முடியாதபோது பொத்தான் பாதியில் நின்றுவிடும், வளையமும் தன் இடத்தில் இராது.

விதிவிலக்குகள் உண்டு. பிரைட்லிங்கின் சில கடிகாரங்களில் பொத்தான் காந்தத்தின் வழியே கூட்டுச் சுவருக்கு அப்பால் ஆணையைக் கடத்துகிறது. துளையே இல்லாததால் நீருக்குள்ளும் அழுத்தலாம். கையேட்டில் அப்படிச் சொல்லப்படாத கடிகாரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. சுழலும் பெசல் வளையம் வேறு கதை. அது கூட்டின் வெளியே அமர்ந்திருப்பதால் முங்கியபடியே திருப்பலாம்.

நீர் புகுந்ததா என்பதை ஒரு துளி நீர் காட்டிவிடும். நீர்மூழ்கிக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரநிலையிலும் இந்தச் சோதனை இருக்கிறது. கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, குளிர்ந்த துளியைக் கண்ணாடிமேல் ஒரு நிமிடம் வைத்துத் துடைப்பார்கள். உட்புறம் பனிமூட்டம் படிந்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. கடல்நீர் என்றால் தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்க வேண்டும், உப்பு எஃகுப் பாகங்களை விரைவாகத் துருவேற்றும். மூட்டம் தானாக மறைந்தாலும், வளையத்தை மாற்றி அழுத்தச் சோதனை செய்யும் வரை அந்தக் கடிகாரத்தோடு நீரில் இறங்கக் கூடாது.