முயல் இணைகளும் எண்களின் வரிசையும்

இத்தாலி நாட்டின் பைசா நகரைச் சேர்ந்த லியனார்டோ என்னும் கணித அறிஞர், 1202ஆம் ஆண்டில் ‘லிபர் அபாசி’ என்னும் நூலை இலத்தீன் மொழியில் எழுதினார். இந்திய எண்முறையை ஐரோப்பியர்க்கு விளக்கிய அந்நூலில் முயல்களைப் பற்றிய கணக்கு ஒன்றும் இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தவர் அவரை ஃபிபனாசி என அழைத்தனர்.

கணக்கு இதுதான்: மதில் சூழ்ந்த ஓரிடத்தில், ஆணும் பெண்ணுமாகிய முதிர்ந்த முயல் இணை ஒன்று விடப்படுகிறது. முதிர்ந்த இணை ஒவ்வொன்றும் மாதந்தோறும் ஓர் இணைக் குட்டிகளை ஈனும். பிறந்த இணை ஒரு மாதம் ஈனாமல் வளர்ந்து, அதற்கடுத்த மாதம் முதல் ஈனும். எந்த முயலும் இறப்பதில்லை. ஓராண்டு முடிவில் எத்தனை இணைகள் இருக்கும்?

மாதந்தோறும் எண்ணிக்கை இரட்டிக்கும் என்று முதலில் தோன்றலாம். அவ்வாறாயின் பன்னிரண்டாம் மாத முடிவில் 4096 இணைகள் இருக்க வேண்டும். ஆனால், பிறந்த குட்டிகள் மறுமாதமே ஈனுவதில்லை என்பதை அவ்விடை மறந்துவிடுகிறது. ஆகவே, மாதம் மாதமாக எண்ணிப் பார்ப்போம்.

முதல் மாதத்தில் முதிர்ந்த இணை ஈனுவதால், மொத்தம் 2 இணைகள். இரண்டாம் மாதத்தில் அவற்றுள் மூத்தது மட்டுமே ஈனும்; மொத்தம் 3. மூன்றாம் மாதத்தில், அம்மூன்றனுள் புதிதாகப் பிறந்த ஓர் இணை நீங்கலாக இரண்டு ஈனும், மொத்தம் 5. நான்காம் மாதத்தில் ஐந்தனுள் மூன்று ஈனும், மொத்தம் 8.

இவ்வெண்ணிக்கையில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும், சென்ற மாதம் இருந்த இணைகள் அனைத்தும் இப்போதும் உள்ளன. ஏனெனில், இறப்பு இல்லை. அவற்றோடு புதிய இணைகள் சேர்கின்றன. இம்மாதம் ஈனுபவை, இரண்டு மாதங்களுக்கு முன்பே இருந்த இணைகள் மட்டுமே. எனவே, முந்தைய இரு மாதங்களின் எண்ணிக்கைகளைக் கூட்டினால் இம்மாத எண்ணிக்கை கிடைக்கும். தொடக்கத்து ஓர் இணை முதலாக எண்கள் இவ்வாறு அமைகின்றன:

1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144, 233, 377

ஓராண்டு முடிவில் இருப்பவை 377 இணைகள். இவ்வெண்களே ஃபிபனாசி தொடர்வரிசை எனப்படுகின்றன. புதிதாகப் பிறந்த இணையிலிருந்து எண்ணத் தொடங்கினால், முதலில் மேலும் ஒரு 1 சேரும். கூட்டும் விதி மாறாது.

நிபந்தனை மாறினால் விதியும் மாறும். குட்டிகள் வளர இரண்டு மாதங்கள் வேண்டுமெனில், சென்ற மாத எண்ணிக்கையோடு மூன்று மாதங்களுக்கு முந்தைய எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். வளரும் காலமே தேவையில்லையெனில், சென்ற மாத எண்ணிக்கையோடு அதனையே கூட்ட வேண்டும். அப்போதுதான் எண்ணிக்கை இரட்டிக்கும். முயல்கள் இறக்குமெனில், சென்ற மாத எண்ணிக்கையை முழுமையாகக் கூட்ட இயலாது. உண்மையான முயல்கள் இவ்வரிசைப்படி பெருகாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.