வட்டியைவிடக் குறைவாக எடுத்தும் வைப்பு ஏன் தீர்கிறது?

புதுதில்லி சாணக்யபுரியில் உள்ள எமது கிளைக்கு மாதத்தின் முதல் வாரத்தில் வரும் மூத்த குடிமக்களை இரு சாராராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் 2004 ஜனவரிக்கு முன்பே மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, பழைய முறைப்படி ஓய்வூதியம் பெறுபவர்கள். மற்றொரு சாரார் தூதரகங்களிலோ தனியார் நிறுவனங்களிலோ பணிபுரிந்து, சேமநிதியையும் பணிக்கொடையையும் மொத்தமாகப் பெற்று, அதனை வைப்பில் இட்டு வாழ்பவர்கள்.

முதல் சாராருக்கு விலைவாசி உயர்வை அரசு ஈடு செய்கிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டின் அடிப்படையில் ஆண்டுக்கு இருமுறை அகவிலை நிவாரணம் மாற்றியமைக்கப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016 ஜனவரியில் சுழியத்தில் தொடங்கிய அந்நிவாரணம், 2025 ஜூலையில் 58 சதவீதத்தை எட்டியது. அதாவது 2016 தொடக்கத்தில் 30,000 ரூபாயாக இருந்த ஓய்வூதியம் ஒன்பதரை ஆண்டுகளில் 47,400 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீத உயர்வு இது. இரண்டாம் சாராருக்கோ, இந்த உயர்வைத் தர வேண்டியது அவர்களது வைப்புத்தொகையே. அது எத்தனை ஆண்டுகள் தரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, 60 வயதில் 60 லட்சம் ரூபாயுடன் ஓய்வு பெறும் ஒருவரைக் கொள்வோம். சொந்த வீடு உண்டு. குடும்பச் செலவு மாதம் 30,000 ரூபாய், ஆண்டுக்கு 3.60 லட்சம். வைப்புக்கு 7 சதவீத வட்டி; விலைவாசி ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறுகிறது. கணக்கு எளிதாக அமைய, ஓராண்டுச் செலவை ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துக்கொள்வதாகவும், வருமான வரி ஏதும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

60 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் 4.20 லட்சம். செலவோ 3.60 லட்சம்தான். வட்டியே செலவைவிட மிகுதியாக இருக்கும்போது முதலைத் தொட வேண்டிய தேவையே வராது என்று பலரும் முடிவு செய்கின்றனர். செலவு என்றென்றும் 3.60 லட்சமாகவே நின்றிருந்தால் அது சரியான முடிவே. தொகை ஒருபோதும் தீராது.

ஆனால் இரண்டாம் ஆண்டில் அவர் 3.82 லட்சம் எடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் 4.04 லட்சம். அப்போதும் இருப்பு 60 லட்சத்துக்குக் கீழே இறங்குவதில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் கணக்கில் 60 லட்சத்துக்குச் சற்று மேலாகவே இருக்கும். பத்து ஆண்டுகள் முடிந்த நிலையில் 50 லட்சம் இருக்கும். இதுவரை அவர் அஞ்சுவதற்குக் காரணம் எதுவும் தென்படாது. பதினான்காம் ஆண்டின் முடிவில் 32 லட்சம். அதற்கடுத்த நான்கே ஆண்டுகளில் அத்தனையும் கரைந்து, பதினெட்டாம் ஆண்டின் முடிவில் எஞ்சுவது சுமார் 34,000 ரூபாய். பத்தொன்பதாம் ஆண்டுக்குத் தேவை 10 லட்சத்துக்கும் மேல். அப்போது அவருக்கு வயது 78.

வணிகவியல் வகுப்பில் கூட்டு வட்டி முதலைப் பெருக்கும் விதத்தைத்தான் எங்களுக்கு விரிவாகக் கற்பித்தார்கள். செலவும் அதே கூட்டு வட்டிக் கணக்கில்தான் பெருகுகிறது என்பதை ஓய்வு பெற்றோரின் கணக்குகளே நன்கு விளக்குகின்றன. தொடக்க ஆண்டுகளில் இருப்பு அசையாமல் நிற்பது பாதுகாப்பின் அடையாளம் அன்று. அவ்வாண்டுகளில் வட்டியில் மிஞ்சும் தொகை, பிற்கால உயர்வுகளுக்காகச் சேர வேண்டிய தொகை. அதனை மிகுதி என எண்ணிச் சுற்றுலாவுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ கொடுத்துவிட்டால் 78 என்னும் வயது இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

ஆகவே, கணக்கேட்டில் இருப்பை மட்டும் பார்ப்பது போதாது. ஆண்டுதோறும் இருப்பை அவ்வாண்டின் செலவால் வகுத்துப் பாருங்கள். மேற்கண்டவருக்குத் தொடக்கத்தில் 60 லட்சத்தை 3.60 லட்சத்தால் வகுத்தால் 16.7 கிடைக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து இருப்பு அதே 60 லட்சம். ஆனால் செலவு 4.54 லட்சம் ஆகிவிட்டதால் விடை 13.2. வட்டியும் விலைவாசியும் ஒரே அளவில் ஏறினால், இந்த எண்ணே பணம் தாங்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை. வட்டி ஒரு சதவீதம் மிகுந்திருந்தால், இந்த அளவுத் தொகைக்கு ஓராண்டோ சற்றுக் கூடுதலோதான் சேரும். 64 வயதில் ஒருவரது எண் 13 என்றால், 85 வயது வரைக்குமான தேவைக்கு அது மிகவும் குறைவு என்பதை அப்போதே அறியலாம். திருத்திக்கொள்ளவும் காலம் இருக்கும்.

தொடக்கச் செலவே இதில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. அதே 60 லட்சத்திலிருந்து மாதம் 25,000 ரூபாயில் தொடங்கி, ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்த்தினால் பணம் 22 ஆண்டுகள் வரும். 20,000 ரூபாயில் தொடங்கினால் 28 ஆண்டுகள், அதாவது 88 வயது வரை. இந்த 20,000 ரூபாய் ஆண்டுக்கு 2.40 லட்சம், முதலில் 4 சதவீதம். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பரிந்துரைத்ததும் இதே 4 சதவீதம்தான். முதல் ஆண்டில் அவ்வளவு எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திச் சென்றால், பழைய அமெரிக்கச் சந்தை நிலவரப்படி பணம் 30 ஆண்டுகள் தாங்கியது என அவர் கண்டார். ஆனால் அவரது கணக்கு பங்குகளும் கடன்பத்திரங்களும் கலந்த முதலீட்டுக்கானது. வைப்பு மட்டுமே வைத்திருப்போர் அதனை அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ளலாகாது.

விலைவாசி எப்போது ஏறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2009 முதல் 2013 வரை நம் நாட்டில் நுகர்வோர் விலைகள் ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீத அளவில் உயர்ந்தன. நமது எடுத்துக்காட்டில் முதல் ஐந்து உயர்வுகள் மட்டும் 9 சதவீதமாக அமைந்து, பின்னர் 6 சதவீதத்துக்குத் திரும்பினாலும், பதினாறாம் ஆண்டின் செலவுக்கே பணம் போதாது. அதே 9 சதவீதம் பதினான்காம் ஆண்டு முதல் வந்தால், பதினேழு ஆண்டுகள் முழுமையாகக் கடந்துவிடும். தொடக்கத்தில் ஏறிய செலவு பிறகு இறங்குவதில்லை. வரும் ஒவ்வோர் ஆண்டும் அதன் மீதே அடுத்த உயர்வு ஏறுகிறது. வட்டி விகிதமும் நிலையானதன்று. 2020இல் பல வங்கிகளில் ஐந்தாண்டு வைப்புக்கான வட்டி 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முழுத் தொகையும் ஒரே நாளில் முதிர்வடையாமல், வெவ்வேறு ஆண்டுகளில் முதிருமாறு பிரித்து இடுவது இதனாலேயே நல்லது.

எண் குறைந்துவரக் கண்டவர் செலவை உடனே வெட்ட வேண்டும் என்பதில்லை, உயர்வைக் கட்டுப்படுத்தலாம். விலைவாசி 6 சதவீதம் ஏறும்போது, மாதம் 30,000 ரூபாயில் தொடங்கியவர் தாம் எடுக்கும் தொகையை 3 சதவீதம் மட்டுமே உயர்த்தினால், அதே 60 லட்சம் 25 ஆண்டுகள் வரும். இதற்கு விலை உண்டு. பத்து ஆண்டுகள் கழித்து அவருக்குத் தேவைப்படுவது 6.45 லட்சம்; கையில் கிடைப்பது 4.84 லட்சம். ஒரு ரூபாய்ச் செலவுக்கு 75 காசு என்ற கணக்கு. மருத்துவமும் மளிகையும் போக எதில் அந்த 25 காசைக் குறைப்பது என்பதை, எழுபது வயதில் நெருக்கடியில் முடிவு செய்வதைவிட, அறுபது வயதில் வைப்புப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுவது எளிது.