மிளகாய்த்தூள் பவுச்சும் மூன்று மதிப்பெண்களும்

மளிகைக் கடையில் தொங்கும் 100 கிராம் மிளகாய்த்தூள் பவுச்சின் மேல் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சீல் வைத்த பட்டைக்குள் சில சமயம் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரியும். இரண்டு ஃபிலிம்களும் உருகி ஒட்ட வேண்டிய இடத்தில் தூள் சிக்கிக்கொண்டதன் அடையாளம் அது. தூள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதில்லை. அந்த வழியாக ஈரக் காற்று உள்ளே போகும், தூள் கட்டி தட்டும், நிறம் மங்கும், நாளடைவில் பூஞ்சணமும் பிடிக்கலாம். வீட்டில் பாக்கெட்டைப் பிரிப்பவர் குறை சொல்வது மசாலாவை. குறையோ அதைப் பொட்டலமிட்ட இயந்திரத்தில் இருக்கிறது.

அந்த இயந்திரம் செங்குத்தாக நிற்கும். பின்புறம் உள்ள ரோலிலிருந்து ஃபிலிம் அவிழ்ந்து வரும். வழியில் அதன் மேல் தேதி அச்சாகும். காலர் என்று சொல்லப்படும் வளைந்த தகட்டின் மேல் ஏறி இறங்கும்போது ஃபிலிம் ஒரு குழாயைச் சுற்றிக் குழல் வடிவம் எடுக்கும். நெடுக ஓடும் சீல் அந்தக் குழலை மூடும். மேலே ஹாப்பருக்குள் சுழலும் திருகுத் தண்டுக்கு ஆகர் என்று பெயர். அது எத்தனை சுற்று சுற்ற வேண்டுமோ அத்தனை சுற்றி, அளவான தூளைக் கீழே தள்ளும். கடைசியில், சூடான இரண்டு தாடைகள் குறுக்கே வந்து கவ்வி, ஒரு பவுச்சின் வாயையும் அடுத்த பவுச்சின் அடியையும் ஒரே நேரத்தில் ஒட்டும். நடுவில் உள்ள கத்தி வெட்டிவிடும். நிமிடத்துக்கு 40 பவுச் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுச்சுக்குக் கிடைப்பது ஒன்றரை நொடி.

இவ்வளவும் நடக்கும் அந்த ஒன்றரை நொடியில் எது எப்படியெல்லாம் தவறலாம் என்று, தவறுவதற்கு முன்பே உட்கார்ந்து எழுதுவதுதான் எஃப்.எம்.இ.ஏ. பிழை வகைகளையும் அவற்றின் விளைவுகளையும் அலசும் முறை என்று அதைச் சொல்லலாம். 1949 நவம்பரில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட மில்-பி-1629 என்ற நடைமுறை ஆவணத்தில் தொடங்கி, நாசாவின் அப்போலோ திட்டம் வழியாகக் கார் தொழிற்சாலைகளுக்கு வந்து, அங்கிருந்து உணவு ஆலைகள் வரை பரவிய முறை இது.

ஆலையில் இது நடப்பது ஒரு மேசையைச் சுற்றி. இயந்திரத்தை ஓட்டும் ஆப்பரேட்டர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர், தரக் கட்டுப்பாட்டுக்காரர், உற்பத்திப் பொறுப்பாளர் என்று நாலைந்து பேர் வேண்டும். ஆப்பரேட்டரை விட்டுவிட்டுப் போடும் அட்டவணை பெரும்பாலும் கற்பனையாகவே முடிகிறது. எந்த நேரத்தில் எந்தச் சத்தம் மாறும் என்பது அவருக்குத்தான் தெரியும். இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் வேலை என்ன, அந்த வேலை எப்படிக் கெடலாம், கெட்டால் யாருக்கு என்ன ஆகும், ஏன் கெடுகிறது என்று வரிவரியாக எழுதுகிறார்கள்.

பலர் சறுக்குவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். “சீல் லீக்” என்று ஒரே வரியில் எழுதி மதிப்பெண் போட்டுவிடுவார்கள். ஆனால் லீக் என்பது பிழை மட்டுமே, காரணம் அல்ல. சீலுக்குள் தூள் சிக்குவதற்கே குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. ஆகர் நின்ற பிறகும் அதன் நுனியிலிருந்து கொஞ்சம் தூள் சொட்டலாம். தூள் முழுதும் கீழே இறங்குவதற்குள் தாடைகள் மூடிவிடலாம். வறண்ட காற்றில் ஃபிலிமில் நிலைமின்சாரம் ஏறி, தூளைச் சுவரோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். தூளே இல்லாமலும் சீல் லீக் ஆகலாம்: ஹீட்டரோ வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளோ பழுதாகித் தாடையின் சூடு குறைந்திருக்கும். நான்குக்கும் நான்கு வெவ்வேறு மருந்து. எனவே நான்கு தனி வரிகள் தேவை.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று மதிப்பெண்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை. விளைவு எவ்வளவு மோசம் என்பது தீவிரம். காரணம் எவ்வளவு அடிக்கடி தலைகாட்டும் என்பது நிகழ்வு. பிழை ஆலையை விட்டு வெளியேறும் முன் பிடிபடுமா என்பது கண்டறிதல். மூன்றாவதில் மட்டும் கவனம் தேவை, அதன் போக்கு தலைகீழ்: நிச்சயமாகப் பிடித்துவிடலாம் என்றால் 1, பிடிக்க வழியே இல்லை என்றால் 10. “நம்ம செக்கிங் பிரமாதம்” என்று 9 போட்டுவிட்டு, பிறகு எண் ஏன் ஏறுகிறது என்று குழம்பும் குழுக்கள் உண்டு. மூன்றையும் பெருக்கினால் வருவது இடர் முன்னுரிமை எண். மிகக் குறைந்தது 1, அதிகபட்சம் 1000.

ஆகர் சொட்டும் வரியை ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். கசிவால் பொருள் கெடும், வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை, தீவிரம் 7. நிகழ்வுக்கு ஊகம் போதாது, ஷிப்ட் பதிவேடு வேண்டும். கார்த் துறையினர் நீண்ட காலம் பயன்படுத்திய அளவுகோலில் ஆயிரத்துக்கு 2 பிழை என்றால் 6, ஆயிரத்துக்கு 10 என்றால் 7. எட்டு மணி நேர ஷிப்டில் இயந்திரம் நிற்காமல் ஓடினால் 19,200 பவுச் வரும். பதிவேட்டில் கழித்துப் போட்டவை 190-ஐ ஒட்டி இருந்தால், அது 7.

கண்டறிதலில்தான் வாக்குவாதம் சூடு பிடிக்கும். மணிக்கு ஒருமுறை 5 பவுச்சை எடுத்து, தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தொட்டிக்குள் அமிழ்த்தி, காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவது வழக்கம். ஓட்டை இருந்தால் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். நல்ல சோதனைதான். அதை நம்பி “3 போடுங்கள்” என்பார் தரக் கட்டுப்பாட்டுக்காரர். கணக்கு வேறு சொல்கிறது. நூற்றுக்கு ஒரு பவுச் லீக் என்றால், எடுத்த ஐந்தில் ஒன்றாவது லீக் பவுச்சாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 கூட இல்லை. ஷிப்ட் முழுக்க 40 பவுச் சோதித்தாலும் மூன்றில் ஒரு ஷிப்டில்தான் ஒன்றாவது சிக்கும். மற்ற ஷிப்டுகளில் தொட்டியில் குமிழியே வராது, அறிக்கையில் எல்லாம் சரி என்று எழுதப்படும். சோதனை துல்லியமானது, மாதிரி மிகச் சிறியது. நேர்மையான மதிப்பெண் 8.

3 போட்டிருந்தால் பெருக்கல் 147. 8 போட்டால் 392. ஒரே இயந்திரம், அதே ஓட்டை. ஒரு மதிப்பெண் அந்த வரியைப் பட்டியலின் நடுவிலிருந்து உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. இந்த வாக்குவாதத்துக்குச் செலவாகும் அரை மணி நேரம்தான் மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ள பகுதி.

மற்ற காரணங்களுக்கும் இப்படியே போட்டால், தாடை முந்தி மூடுவதற்கு நிகழ்வு 5, எண் 280. நிலைமின்சாரத்துக்கு நிகழ்வு 4, எண் 224. சூடு குறைவுக்கு நிகழ்வு 3. சூடு இறங்கினால் அலாரம் அடித்து இயந்திரமே நின்றுவிடும் என்பதால் கண்டறிதலும் 3. எண் வெறும் 63. லீக் என்றதும் ஃபிட்டர் முதலில் திருகுவது வெப்பநிலைக் குமிழைத்தான். அட்டவணையோ அதைக் கடைசியில் தொடச் சொல்கிறது.

அடுத்து, என்ன செய்வது? மேசையில் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, ஆளைப் போட்டு ஒவ்வொரு பவுச்சையும் அழுத்திப் பார்க்கச் சொல்வது. கண்டறிதல் 8-லிருந்து 5 ஆகும், எண் 245-க்கு இறங்கும். காகிதத்தில் முன்னேற்றம்தான். ஆனால் ஷிப்டுக்கு 190 பவுச் இன்னமும் லீக்காகவே பிறக்கும். ஃபிலிமும் உழைப்பும் வீண், களைத்த கையிலிருந்து தப்புபவை கடைக்குப் போகும். மற்றொன்று, ஆகரின் வாயில் சொட்டைத் தடுக்கும் மூடியைப் பொருத்துவது. ஆகர் நின்றதும் அது வாயை அடைத்துக்கொள்ளும். நிகழ்வு 3-க்கு இறங்கினால் எண் 168. காரணத்தை வேரில் வெட்டுவதால் இதுவே சரியான வழி. தாடை மூடும் நேரத்தைச் சற்றுத் தள்ளி வைப்பது இரண்டாவது வரிக்கு மருந்து. அதற்கு விலையாக நிமிடத்துக்கு ஓரிரு பவுச் குறையும். நிலைமின்சாரத்துக்கு, ஃபிலிமின் மேல் அயனிக் காற்றை வீசும் கம்பி போதும். மாற்றங்கள் முடிந்த பிறகு பதிவேட்டை மறுபடி எண்ணித்தான் புதிய மதிப்பெண் எழுத வேண்டும். மூடி வாங்கிய ரசீதைப் பார்த்து 3 போடக் கூடாது.

பெருக்கிய எண்ணை மட்டும் நம்பினால் பெரிய விபரீதம் ஒன்று காத்திருக்கிறது. பவுச்சில் அச்சுப் படம் சற்று விலகி நிற்பது ஒரு பிழை: தீவிரம் 4, நிகழ்வு 7, கண்டறிதல் 5, எண் 140. ஆகர் தன் புனலோடு உரசி, உலோகத் துணுக்கு தூளில் விழுவது இன்னொன்று: தீவிரம் 10, நிகழ்வு 2, கடைசியில் உலோகம் காட்டும் கருவி இருப்பதால் கண்டறிதல் 3, எண் 60. நூறுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் கவனிப்போம் என்று கோடு போடும் ஆலைகள் ஏராளம். அங்கே கோணல் படத்துக்குக் கூட்டம் கூடும், சாப்பாட்டில் விழும் உலோகம் கேட்பாரற்றுப் போகும். மதிப்பெண்கள் தரவரிசை மட்டுமே. தீவிரம் 10 என்பது 5-ஐப் போல இரண்டு மடங்கு என்று பொருளில்லை. அவற்றைப் பெருக்கிக் கிடைக்கும் எண்ணுக்கு இல்லாத துல்லியத்தை ஏற்றிவிடுகிறோம். இதனால்தான் அமெரிக்க, ஜெர்மன் கார்த் துறை அமைப்புகள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட கையேடு பெருக்கலைக் கைவிட்டது. முதலில் தீவிரம், பிறகு நிகழ்வு, கடைசியில் கண்டறிதல் என்று பார்த்து, உயர், நடு, தாழ் என்ற மூன்று முன்னுரிமைகளில் ஒன்றைத் தரச் சொல்கிறது. பெருக்கலை விட மனமில்லாத ஆலைகளும் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம்: தீவிரம் 9 அல்லது 10 என்றால், எண் எதுவானாலும் அந்த வரியை விவாதிக்காமல் எழக் கூடாது.

அந்த உலோகத் துணுக்கு வரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மணம் நிற்க வேண்டும் என்று வாங்கும் பிரிவு ஒரு நாள் அலுமினியத் தாள் கலந்த ஃபிலிமுக்கு மாறுகிறது. பவுச்சே உலோகமாகிவிட்டதால் பழைய கருவி குருடாகிறது. கண்டறிதல் 3-லிருந்து 9-க்குத் தாவுகிறது. அலுமினியத்துக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டவென்றே வேறு கருவி கிடைக்கிறது, ஆனால் அது காந்தம் இழுக்கும் இரும்பை மட்டுமே காட்டும். ஆகரோ காந்தம் இழுக்காத வகைத் துருப்பிடிக்காத எஃகு. அந்தக் கருவியை வாங்கினாலும் 9 அப்படியே நிற்கும். எக்ஸ்ரே கருவி வைக்க வேண்டும். இல்லையென்றால், ஆகருக்கும் புனலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஷிப்ட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அளந்து, தேய்ந்த பேரிங்கை உரசல் தொடங்கும் முன்பே மாற்ற வேண்டும்.